மருந்து லேபிளின் படம் மட்டும் போதுமா? சந்தேகங்களும் விளக்கங்களும்

பூச்சிமருந்து பாட்டிலையோ உர மூட்டையையோ கைப்பேசியில் படம் எடுத்து, வேளாண் அலுவலருக்கு அல்லது வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பி, ‘ஏக்கருக்கு எவ்வளவு?’ என்று கேட்பது விவசாயிகளிடையே வழக்கமாகி வருகிறது. பெரும்பாலும் படத்துடன் வேறு எந்த விவரமும் வருவதில்லை. லேபிளின் படத்திலிருந்து எதை அறியலாம், எதை அறிய முடியாது, சரியான அளவைக் கணக்கிடுவது எப்படி, தெளிப்பவர் கடைப்பிடிக்க வேண்டிய பாதுகாப்பு முறைகள் எவை என்பன குறித்த சந்தேகங்களுக்கான விளக்கங்கள் இங்கே தரப்பட்டுள்ளன. நெற்பயிரைத் தாக்கும் இலைச்சுருட்டுப் புழுவுக்கான ஒரு மருந்து எடுத்துக்காட்டாகக் கொள்ளப்பட்டுள்ளது.

படமும் பதிலும்

லேபிளின் படத்தை அனுப்பினால், அளவைச் சொல்லாமல் திரும்பக் கேள்வி கேட்பது ஏன்?

தேவையான மருந்தின் அளவு பயிர், பூச்சி, நிலப்பரப்பு, தெளிப்பான் ஆகியவற்றுக்கு ஏற்ப மாறும். எடுத்துக்காட்டாக, இமிடாகுளோபிரிட் 17.8 சதவீத எஸ்.எல். மருந்துக்கு ஹெக்டேருக்கு நெல்லில் 100 முதல் 125 மில்லி வரையும், மிளகாயில் 125 முதல் 250 மில்லி வரையும் அங்கீகரிக்கப்பட்டுள்ளது. ஒரே பாட்டிலின் படத்துக்கு இரண்டு பதில்கள் உள்ளன என்பதால், பயிர் எது என்று தெரியாமல் அளவைச் சொல்ல இயலாது.

பயன்படுத்தும் அளவு பாட்டிலுடனேயே தரப்பட வேண்டும் அல்லவா?

பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968, அதன் கீழான விதிகள் 1971 ஆகியவற்றின்படி, ஒவ்வொரு பொட்டலத்துடனும் ஒரு துண்டுப் பிரசுரம் இருக்க வேண்டும். எந்தப் பயிரில் எந்தப் பூச்சிக்கு எப்படிப் பயன்படுத்துவது, நச்சுப் பாதிப்பின் அறிகுறிகள், முதலுதவி, மாற்று மருந்து ஆகிய விவரங்கள் அதில் இடம்பெறும். விவசாயிகள் அனுப்பும் படங்களில் பெரும்பாலும் பாட்டிலின் முன்பக்கம் மட்டுமே இருக்கும். அளவு அட்டவணையோ உள்ளே மடித்து வைக்கப்பட்ட தாளில் இருக்கும். அட்டைப்பெட்டியுடன் அந்தத் தாளையும் எறிந்துவிடாமல், மருந்து தீரும் வரை பத்திரப்படுத்த வேண்டும்.

எந்தெந்தப் பகுதிகளைப் படம் எடுக்க வேண்டும்?

மருந்தின் வேதிப்பெயரும் சதவீதமும் தெரியும் முன்பக்கம், தொகுதி எண், தயாரிப்புத் தேதி, காலாவதித் தேதி உள்ள பக்கவாட்டுப் பகுதி, துண்டுப் பிரசுரத்தின் பயிர் அட்டவணை ஆகிய மூன்றும் தேவை. வளைந்த பாட்டிலில் ஒரே படத்தில் எல்லா எழுத்தும் விழாது என்பதால், சற்றுச் சற்றாகத் திருப்பித் தனித்தனிப் படங்களாக எடுக்க வேண்டும். இவற்றுடன் பாதிக்கப்பட்ட செடியின் படத்தையும் சேர்த்து அனுப்பினால், மருந்து பூச்சிக்கு ஏற்றதுதானா என்பதையும் சரிபார்க்க இயலும்.

மருந்தின் கடைப்பெயரைச் சொன்னால் போதாதா?

போதாது. ஒரே வேதிப்பொருள் பல நிறுவனங்களின் வெவ்வேறு பெயர்களில், வெவ்வேறு வடிவங்களில் விற்கப்படுகிறது. நெல்லில் இலைச்சுருட்டுப் புழுவுக்கும் தண்டு துளைப்பானுக்கும் பயன்படும் குளோரான்ட்ரனிலிப்ரோல் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு: 18.5 சதவீத எஸ்.சி. திரவமாக இருந்தால் ஏக்கருக்கு 60 மில்லி, 0.4 சதவீதக் குருணையாக இருந்தால் ஏக்கருக்கு 4 கிலோ. வேதிப்பெயர், சதவீதம், வடிவம் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் மருந்து இன்னதென்று உறுதியாகும்.

சதவீதத்துக்குப் பின்னால் வரும் எஸ்.சி., ஈ.சி., டபிள்யூ.பி. போன்ற எழுத்துகள் எதைக் குறிக்கின்றன?

அவை மருந்தின் வடிவத்தைக் குறிக்கின்றன. எஸ்.சி. என்பது மருந்தின் நுண்துகள்கள் மிதக்கும் கெட்டியான திரவம், ஈ.சி. என்பது தண்ணீரில் விட்டால் பால்போல் வெளுக்கும் எண்ணெய்த்தன்மை கொண்ட திரவம், எஸ்.எல். தண்ணீரில் முழுவதும் கரையும் திரவம், டபிள்யூ.பி. நனையும் தூள், ஜி.ஆர். அல்லது ஜி. என்பது வயலில் தூவப்படும் குருணை. எஸ்.சி. வகை மருந்து அடியில் படியக்கூடும் என்பதால், அளந்து எடுக்கும் முன் பாட்டிலை நன்றாகக் குலுக்க வேண்டும். குருணையைத் தண்ணீரில் கரைத்துத் தெளிக்கக் கூடாது.

படத்துடன் எழுதி அனுப்ப வேண்டிய விவரங்கள் எவை?

பயிரும் அதன் வயதும், பூச்சியின் பெயர் அல்லது அறிகுறி, பாதிப்பின் அளவு, நிலப்பரப்பு, தெளிப்பானின் வகையும் கொள்ளளவும், அறுவடை செய்ய உத்தேசித்துள்ள தேதி, கடைசியாகத் தெளித்த மருந்து ஆகிய ஏழு விவரங்கள் தேவை. ‘நெல், நட்டு 45 நாள். இலை நீளவாக்கில் சுருண்டு வெள்ளைக்கோடு விழுந்துள்ளது. பத்து இலைக்கு இரண்டு இலை சேதம். ஒரு ஏக்கர். 16 லிட்டர் கைத்தெளிப்பான். ஜனவரி 20 அறுவடை. இதுவரை வேறு மருந்து அடிக்கவில்லை’ என்ற அளவில் எழுதினாலே போதும். எழுத இயலாதவர்கள் இதே விவரங்களைக் குரல் பதிவாக அனுப்பலாம்.

பூச்சியின் பெயர் தெரியாவிட்டால் என்ன செய்வது?

அறிகுறியை விவரித்தால் போதும். இலை நீளவாக்கில் மடிந்து, உள்ளே புழு பச்சையத்தைச் சுரண்டி வெள்ளைக்கோடுகள் தெரிந்தால் அது இலைச்சுருட்டுப் புழு; நடுக்குருத்து காய்ந்து, பிடித்து இழுத்தால் கையோடு வந்தாலோ, பால் பிடிக்காத வெண்கதிர்கள் நிமிர்ந்து நின்றாலோ அது தண்டு துளைப்பான். தூர்களின் அடியில் பழுப்பு நிறப் பூச்சிகள் கூட்டமாக இருந்து, பயிர் வட்டம் வட்டமாகக் காய்ந்தால் அது புகையான். குளோரான்ட்ரனிலிப்ரோல் முதல் இரண்டுக்கும் ஏற்றது. புகையானுக்கு அது பரிந்துரைக்கப்படுவதில்லை.

புழு கண்ணில் பட்டதும் தெளித்துவிட வேண்டுமா?

தேவையில்லை. சேதம் ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால்தான் மருந்துச் செலவுக்கு ஈடான பலன் கிடைக்கும். இது பொருளாதாரச் சேத நிலை எனப்படுகிறது. இலைச்சுருட்டுப் புழுவுக்குப் பயிர் வளரும் பருவத்தில் 10 சதவீத இலைச்சேதம், பூக்கும் பருவத்தில் 5 சதவீதக் கண்ணாடி இலைச்சேதம் ஆகியவை அந்த அளவுகளாகும். மேலே சொன்ன எடுத்துக்காட்டில் பத்து இலைக்கு இரண்டு, அதாவது 20 சதவீதம் சேதமடைந்திருப்பதால் மருந்து தெளிப்பது பொருத்தமானது.

அளவைக் கணக்கிடும் முறை

பிரசுரத்தில் ஹெக்டேர் கணக்கில் உள்ள அளவை ஏக்கருக்கு மாற்றுவது எப்படி?

ஒரு ஹெக்டேர் என்பது 2.47 ஏக்கர். நடைமுறையில் ஹெக்டேருக்கான அளவை 2.5-ஆல் வகுத்தால் ஏக்கருக்கான அளவு கிடைக்கும். குளோரான்ட்ரனிலிப்ரோல் 18.5 எஸ்.சி. மருந்துக்கு நெல்லில் ஹெக்டேருக்கு 150 மில்லி மருந்தும் 500 லிட்டர் தண்ணீரும் குறிப்பிடப்பட்டுள்ளன. ஏக்கருக்கு அவை 60 மில்லி, 200 லிட்டர் என்றாகும். ஹெக்டேர் என்ற சொல்லைக் கவனிக்காமல் 150 மில்லியை ஒரே ஏக்கருக்குத் தெளித்தால், தேவையைப்போல் இரண்டரை மடங்கு மருந்து வயலில் விழும்.

ஒரு டேங்குக்கு எவ்வளவு மருந்து ஊற்ற வேண்டும்?

ஏக்கருக்கான 200 லிட்டர் தண்ணீரை 16 லிட்டர் கொள்ளளவு கொண்ட கைத்தெளிப்பானால் தெளித்தால் பன்னிரண்டரை டேங்க் ஆகும். 60 மில்லியைப் பன்னிரண்டரையால் வகுத்தால், டேங்குக்கு 4.8 மில்லி வரும். தெளிப்பான் 10 லிட்டர் கொள்ளளவு கொண்டது என்றால் 20 டேங்க் ஆகும். டேங்குக்கு 3 மில்லி போதும்.

நிலம் 60 சென்ட்தான் என்றால் அளவு எப்படி மாறும்?

ஒரு ஏக்கர் என்பது 100 சென்ட் என்பதால், 60 சென்டுக்கு 36 மில்லி மருந்தும் 120 லிட்டர் தண்ணீரும் தேவை. டேங்க் எண்ணிக்கை ஏழரையாகக் குறையுமே தவிர, ஒரு டேங்குக்கான 4.8 மில்லி மாறாது. மீதி மருந்தை வீணாக்க மனமில்லாமல் 60 மில்லியையும் 60 சென்டிலேயே தெளித்துவிடக் கூடாது. மூடியை இறுக்கி, அதே பாட்டிலில் வைக்க வேண்டும்.

வேகமாக நடந்து எட்டு டேங்கிலேயே ஏக்கரை முடித்துவிட்டால் என்ன ஆகும்?

டேங்குக்கு 4.8 மில்லி வீதம் எட்டு டேங்கில் 38.4 மில்லி மருந்துதான் வயலுக்குச் சென்றிருக்கும். புழு முழுவதும் சாகாமல் மருந்து கேட்கவில்லை என்று தோன்றுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இதைத் தவிர்க்க, முதலில் வெறும் தண்ணீரைக் கொண்டு 10 சென்டில் தெளித்துப் பார்க்க வேண்டும். அதற்கு 20 லிட்டர், அதாவது ஒன்றேகால் டேங்க் செலவானால் நடை சரியானது. குறைவாகச் செலவானால் நடையைத் தளர்த்த வேண்டும்.

விசைத்தெளிப்பான், ட்ரோன் ஆகியவற்றுக்கும் இதே கணக்குதானா?

ஏக்கருக்கான மருந்தின் அளவு இவற்றிலும் 60 மில்லிதான். தண்ணீரின் அளவு மட்டுமே குறையும். தண்ணீர் குறைவதால் டேங்கில் உள்ள கலவை அடர்த்தியாகும். எனவே கைத்தெளிப்பானுக்குச் சொல்லப்பட்ட ‘டேங்குக்கு இவ்வளவு’ என்ற கணக்கை விசைத்தெளிப்பானுக்கு அப்படியே பயன்படுத்தினால் மருந்து குறைந்துபோகும். விசைத்தெளிப்பான் கணக்கைக் கைத்தெளிப்பானுக்குப் பயன்படுத்தினால் மருந்து கூடிவிடும். இதனால்தான் அளவு கேட்கும்போது தெளிப்பானின் வகையைத் தெரிவிப்பது அவசியமாகிறது.

பாட்டில் மூடியால் அளந்து ஊற்றலாமா?

கூடாது. மூடிகளின் கொள்ளளவு பாட்டிலுக்குப் பாட்டில் மாறும். 10 மில்லி பிடிக்கும் மூடியால் ஒரு மூடி ஊற்றினால், தேவையான 4.8 மில்லியைப்போல் இரு மடங்குக்கும் மேல் ஆகிவிடும். மில்லி கோடு போட்ட அளவுக்குவளையோ, ஊசி இல்லாத 5 மில்லி சிரிஞ்சோ பயன்படுத்தலாம். அதை மருந்துக்கென்றே தனியாக வைத்து, குழந்தைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வைக்க வேண்டும்.

பூச்சி கட்டுப்படாவிட்டால் அளவைக் கூட்டலாமா, வேறு மருந்தைக் கலக்கலாமா?

இரண்டும் கூடாது. அளவைக் கூட்டினால் இலை கருகுவதற்கும், தானியத்தில் நஞ்சு எச்சம் கூடுவதற்கும், பூச்சிக்கு எதிர்ப்புத்திறன் வளர்வதற்கும் வாய்ப்பு உண்டு. மருந்து கேட்கவில்லை என்றால் வேறு வகையில் செயல்படும் மருந்துக்கு மாறுவதே முறை. பிரசுரத்திலோ வேளாண் துறைப் பரிந்துரையிலோ இல்லாத கலவைகள் தெளிப்பவருக்கும் ஆபத்தானவை. 2017-ல் மகாராஷ்டிர மாநிலம் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து தெளித்தவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் நச்சுப் பாதிப்பால் உயிரிழந்தபோது, பல மருந்துகளைக் கலந்தது, ஆள் உயரத்துக்கு வளர்ந்த பயிருக்குள் நின்று தெளித்தது, பாதுகாப்பு உடை இல்லாதது ஆகியவை காரணங்களாகச் சுட்டப்பட்டன.

காத்திருப்புக் காலம்

பிரசுரத்தில் உள்ள ‘காத்திருப்புக் காலம்’ என்பது என்ன?

கடைசியாக மருந்து தெளித்த நாளுக்கும் அறுவடைக்கும் இடையே கட்டாயம் விட வேண்டிய குறைந்தபட்ச நாள்களின் எண்ணிக்கை அது. அதற்குள் மருந்து சிதைந்து, விளைபொருளில் தங்கும் எச்சம் அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் வந்துவிடும் என்ற அடிப்படையில் இது நிர்ணயிக்கப்படுகிறது. குளோரான்ட்ரனிலிப்ரோல் 18.5 எஸ்.சி. மருந்துக்கு நெல்லில் 47 நாள்கள் என்று வகுக்கப்பட்டுள்ளது.

ஜனவரி 20 அன்று அறுவடை என்றால், எந்தத் தேதிக்குள் தெளிக்க வேண்டும்?

ஜனவரி 20-லிருந்து 47 நாள்கள் பின்னோக்கி எண்ணினால் டிசம்பர் 4 வரும்; அதுவே இந்த மருந்தைத் தெளிக்கக் கடைசி நாள். டிசம்பர் 10-ல் தெளித்தால் அறுவடைக்கு 41 நாள்களே மீதமிருக்கும் என்பதால், அன்று இந்த மருந்தைப் பயன்படுத்தக் கூடாது. அறுவடைத் தேதியை எழுதாமல் வந்த படத்துக்கு அளவை மட்டும் சொன்னால், இந்த விதி மீறப்படுவது யாருக்கும் தெரியாமலே போகும்.

கடைசி நாள் கடந்த பிறகு புழு தாக்கினால் வழி என்ன?

அதே பயிரில் அதே பூச்சிக்கு அங்கீகரிக்கப்பட்டு, காத்திருப்புக் காலம் குறைவாக உள்ள வேறு மருந்து உண்டா என்று வேளாண் அலுவலரிடம் கேட்கலாம், அல்லது அறுவடையைத் தள்ளிப்போடலாம். சேதம் பொருளாதாரச் சேத நிலைக்குக் கீழே இருந்தால் மருந்தே தெளிக்காமல் விடலாம். வைக்கோல் மாட்டுத் தீவனமாகும் என்பதால், கடைசி நேரத் தெளிப்பின் பாதிப்பு கால்நடைகளுக்கும் சென்று சேரக்கூடும்.

உர மூட்டையின் படம்

உர மூட்டையில் உள்ள 18:46:0, 20:20:0:13 போன்ற எண்கள் எதைச் சொல்கின்றன?

100 கிலோ உரத்தில் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து ஆகியவை முறையே எத்தனை கிலோ என்பதை அவை சொல்கின்றன. நான்காவது எண் இருந்தால் அது கந்தகம். 18:46:0 என்பது டி.ஏ.பி.; 50 கிலோ மூட்டையில் 9 கிலோ தழைச்சத்தும் 23 கிலோ மணிச்சத்தும் இருக்கும். யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து மட்டுமே உண்டு. பொட்டாஷ் உரத்தில் 60 சதவீதம் சாம்பல்சத்து உண்டு.

மருந்தைப்போல் உர மூட்டையிலும் ஏக்கருக்கான அளவை ஏன் அச்சிடுவதில்லை?

உரத்தின் தேவை பயிர், ரகத்தின் வயது, மண்ணில் ஏற்கெனவே உள்ள சத்து ஆகியவற்றுக்கு ஏற்ப மாறுவதால், ஒரே அளவை எல்லா நிலத்துக்கும் அச்சிட இயலாது. மண் பரிசோதனை முடிவு இருந்தால் அதன்படியே உரமிட வேண்டும். அது இல்லாதபோது பொதுப் பரிந்துரையைப் பின்பற்றலாம். தமிழகத்தில் மத்திய, நீண்ட கால நெல் ரகங்களுக்கு ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து, 50 கிலோ மணிச்சத்து, 50 கிலோ சாம்பல்சத்து என்பது அந்தப் பரிந்துரை.

இந்தப் பரிந்துரைப்படி ஏக்கருக்கு எத்தனை மூட்டை தேவை?

ஏக்கருக்கு 60, 20, 20 கிலோ சத்துகள் தேவை. 20 கிலோ மணிச்சத்துக்கு டி.ஏ.பி. சுமார் 43.5 கிலோ, அதிலேயே ஏறத்தாழ 8 கிலோ தழைச்சத்தும் கிடைத்துவிடுவதால், மீதமுள்ள 52 கிலோவுக்கு யூரியா சுமார் 113 கிலோ போதும். சாம்பல்சத்துக்குப் பொட்டாஷ் 33 கிலோ. யூரியா மூட்டை 45 கிலோ, டி.ஏ.பி. மூட்டை 50 கிலோ என்பதால், மூட்டைக் கணக்கில் கேட்காமல் கிலோ கணக்கில் கேட்பதே பிழையைத் தவிர்க்கும்.

முழு யூரியாவையும் ஒரே முறையில் இடலாமா?

கூடாது. தழைச்சத்தையும் சாம்பல்சத்தையும் அடியுரம், தூர் கட்டும் பருவம், கதிர் உருவாகும் பருவம், கதிர் வெளிவரும் பருவம் என நான்கு சம பாகங்களாகப் பிரித்து இடுவது பரிந்துரை. அடியுரத்தில் முழு டி.ஏ.பி.யுடன் யூரியா 16 கிலோ, பொட்டாஷ் 8 கிலோ. பிறகு ஒவ்வொரு முறையும் யூரியா ஏறத்தாழ 33 கிலோ, பொட்டாஷ் 8 கிலோ என்று இடலாம். தேவைக்கு மேல் யூரியா இட்டால் பயிர் கரும்பச்சையாகக் கொழுத்து, இலைச்சுருட்டுப் புழுவும் புகையானும் பெருகும். அதனால் மருந்துச் செலவும் கூடும்.

பாதுகாப்பு முறைகள்

லேபிளில் உள்ள வண்ண முக்கோணங்கள் எதைக் குறிக்கின்றன?

மருந்தின் உடனடி நச்சுத்தன்மையை அவை நான்கு நிலைகளாகப் பிரித்துக் காட்டுகின்றன. சிவப்பு மிகக் கடுமையான நஞ்சு, மஞ்சள் கடுமையான நஞ்சு, நீலம் மிதமான நஞ்சு, பச்சை குறைந்த நஞ்சு. சிவப்பு லேபிளில் மண்டையோட்டுச் சின்னமும் ‘விஷம்’ என்ற சொல்லும் இருக்கும். மஞ்சளில் ‘விஷம்’, நீலத்தில் ‘அபாயம்’, பச்சையில் ‘எச்சரிக்கை’ என்ற பொருள்படும் சொற்கள் இருக்கும்.

பச்சை முக்கோணம் இருந்தால் பாதுகாப்பு உடை தேவையில்லையா?

தேவை. சோதனை விலங்குகளைக் கொல்லும் அளவை வைத்தே இந்த நிறங்கள் தரப்படுகின்றன. தோல், கண் எரிச்சலையோ பல ஆண்டுகள் தொடர்ந்து தெளிப்பதால் வரும் பாதிப்பையோ அவை காட்டுவதில்லை. மஞ்சள் முக்கோணம் என்பதால் சிவப்பைவிடப் பரவாயில்லை என்று கருதுவதும் தவறு. களைக்கொல்லியான பாராகுவாட் மஞ்சள் வகையில் அடங்கும் நச்சுத்தன்மை கொண்டது. ஆனால் அது வயிற்றுக்குள் சென்றால் முறிக்க மாற்று மருந்து கிடையாது.

தெளிப்பவர் என்னென்ன அணிய வேண்டும்?

முழுக்கைச் சட்டை, முழுநீளக் கால்சட்டை, ரப்பர் கையுறை, முகக்கவசம், கண்ணாடி, தொப்பி, சேற்றில் நடக்க ஏற்ற ரப்பர் காலணி ஆகியவை தேவை. மருந்தை டேங்கில் ஊற்றிக் கலக்கும் நேரத்தில்தான் நீர் கலக்காத மருந்து கையில் படும் என்பதால், தெளிக்கும்போது மட்டுமின்றிக் கலக்கும்போதும் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். கையால் கலக்கக் கூடாது; நீளமான குச்சியைப் பயன்படுத்த வேண்டும்.

எந்த நேரத்தில், எந்தத் திசையில் தெளிக்க வேண்டும்?

காற்று குறைவாக உள்ள காலையிலோ மாலையிலோ, மருந்துச்சாரல் உடம்பை விட்டு விலகிச் செல்லும்படி தெளிக்க வேண்டும். காற்றை எதிர்த்து நடக்கக் கூடாது. நாசில் அடைத்துக்கொண்டால் வாயால் ஊதக் கூடாது. தண்ணீரில் கழுவி, மென்மையான தூரிகையால் அடைப்பை எடுக்க வேண்டும். இடையில் வெற்றிலை, புகையிலை, பீடி, தேநீர், உணவு எதுவும் கூடாது. முடித்தவுடன் சோப்புப் போட்டுக் குளித்து, அந்த உடையைத் தனியாகத் துவைக்க வேண்டும்.

களைக்கொல்லி தெளித்த தெளிப்பானையே பூச்சிமருந்துக்கும் பயன்படுத்தலாமா?

தனித் தெளிப்பான் வைத்திருப்பதே பாதுகாப்பானது. டேங்கிலும் குழாயிலும் ஒட்டியிருக்கும் மிகச் சிறிய அளவு 2,4-டி களைக்கொல்லிகூடப் பருத்திச் செடியின் இலைகளைக் கோணலாக்கிவிடும். அதுபோன்ற பாதிப்பு தென்பட்டால், லேபிள் படத்துடன் அந்தத் தெளிப்பானில் முன்பு எந்த மருந்து ஊற்றப்பட்டது என்பதையும் தெரிவிக்க வேண்டும்.

காலி பாட்டிலை என்ன செய்வது?

பாட்டிலை மூன்று முறை தண்ணீர் விட்டு அலசி, அந்தத் தண்ணீரையும் தெளிப்பான் டேங்கிலேயே ஊற்ற வேண்டும். வாய்க்காலிலோ குளத்திலோ கழுவக் கூடாது. பிறகு பாட்டிலில் துளையிட்டு மறுபடி பயன்படாதபடி சிதைத்து, நீர்நிலைகளுக்கும் குடியிருப்புக்கும் தொலைவில் ஆழமாகப் புதைக்க வேண்டும். எண்ணெய், தண்ணீர், விதை எதையும் அதில் வைக்கக் கூடாது. மீதமுள்ள மருந்தைக் குளிர்பானப் பாட்டிலுக்கு மாற்றுவதும் கூடாது.

நச்சுப் பாதிப்பு ஏற்பட்டால்

தெளித்தவருக்கு எந்த அறிகுறிகள் தென்பட்டால் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்?

தலைவலி, தலைசுற்றல், குமட்டல், வாந்தி, பார்வை மங்கல் ஆகியவற்றில் எது வந்தாலும் தெளிப்பதை உடனே நிறுத்த வேண்டும். கண்மணி சுருங்குதல், மிகுதியான வியர்வை, வாயில் நீர் ஊறுதல், தசை துடித்தல், மூச்சுத்திணறல் ஆகியவை ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்துகளின் கடுமையான பாதிப்பைக் காட்டுகின்றன. வீட்டில் படுத்து ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்று காத்திருக்காமல், உடனடியாக 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

ஆம்புலன்ஸ் வரும் வரை என்ன செய்யலாம்?

மருந்து பட்ட உடையைக் களைந்து, தோலைச் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவ வேண்டும். கண்ணில் பட்டிருந்தால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். விழுங்கியிருந்தால் உப்புக்கரைசல் முதலியவற்றைக் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. ஏனெனில் ஈ.சி. வகை மருந்துகளில் உள்ள எண்ணெய் கரைப்பான் வாந்தியின்போது நுரையீரலுக்குள் சென்று பாதிப்பைக் கூட்டும். மயங்கியவரை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். வாய் வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது.

மருத்துவமனைக்கு லேபிளின் படத்தை எடுத்துச் செல்வது அவசியமா?

மிக அவசியம். மருந்தின் வேதிப்பெயர் தெரிந்தால்தான் மருத்துவர் சரியான சிகிச்சையைத் தொடங்க இயலும்: ஆர்கனோபாஸ்பேட் என்றால் அட்ரோபின் ஊசி போடப்படும், குளோரான்ட்ரனிலிப்ரோலுக்குத் தனி மாற்று மருந்து இல்லாததால் அறிகுறிக்கேற்ற சிகிச்சை தரப்படும். இந்தச் சூழலில் பயிரின் வயது, பரப்பு போன்ற வேறு விவரங்கள் எதுவுமின்றி லேபிளின் படம் மட்டுமேகூட உதவும். எனவே வாங்கிய அன்றே படம் எடுத்து, வீட்டில் மற்றொருவரின் கைப்பேசியிலும் சேமித்து வைக்க வேண்டும்.

யாரிடம், எப்போது கேட்பது?

படத்தையும் விவரங்களையும் யாரிடம் தெரிவித்து அளவை உறுதி செய்யலாம்?

அந்தப் பகுதியின் உதவி வேளாண்மை அலுவலர், வட்டார வேளாண்மை விரிவாக்க மையம், மாவட்ட வேளாண் அறிவியல் நிலையம் ஆகியவற்றை அணுகலாம். 1800-180-1551 என்ற கட்டணமில்லா கிசான் கால் சென்டர் எண்ணில் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை தமிழிலும் விளக்கம் பெறலாம். தொலைபேசியில் படத்தைக் காட்ட இயலாது என்பதால், வேதிப்பெயர், சதவீதம், வடிவம் ஆகியவற்றை லேபிளைப் பார்த்து அப்படியே படித்துச் சொல்ல வேண்டும்.

மருந்து வாங்குவதற்கு முன்பே கேட்க வேண்டுமா, வாங்கிய பிறகா?

வாங்குவதற்கு முன்பே கேட்பதுதான் சரி. பூச்சிக்குப் பொருந்தாத மருந்தையோ, காத்திருப்புக் காலம் போதாத மருந்தையோ அப்போதுதான் தவிர்க்க இயலும். கடையில் காலாவதித் தேதியைச் சரிபார்த்து, மருந்தின் பெயரும் தொகுதி எண்ணும் குறிக்கப்பட்ட ரசீதைக் கேட்டுப் பெற வேண்டும். மருந்து தரமற்றது என்று பின்னர் சந்தேகம் எழுந்தால், வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் புகார் கொடுக்க ரசீதும் லேபிளின் படமும் தேவைப்படும்.